திருத்தி எழுதிய சேதியில் பேச்சு மாறியிருக்கிறதா? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

கம்பம், கூடலூர்ப் பக்கத்து மண்டிகளிலிருந்து குமுளி மலை ஏறிக் கோட்டயம், சங்கனாச்சேரி என்று போகிற லோடுகளுக்கு முன்னால் ஒரு வாட்ஸ்அப் சேதி போகும். முதலாளி வாயால் சொன்னதைக் கணக்கு எழுதுபவர் 'நல்ல தமிழில்' திருத்தி அனுப்புவார். திருத்தும்போது எழுத்துப்பிழை போய்விடும். சில சமயம் அதோடு சேர்ந்து வாக்கும் மாறிவிடும். திருத்தியவர் வேண்டுமென்று செய்வதில்லை. மரியாதையாக எழுத வேண்டும் என்று நினைக்கும்போது கண்டிப்பான சொற்கள்தான் முதலில் உதிர்கின்றன. லோடு இறங்கிய பிறகு கோட்டயத்துக்காரர் "நீங்கதானே எழுதினீங்க" என்று போனை நீட்டும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இங்கே ஒரு நேந்திரம் லோடுக்கான சேதியை எடுத்துக்கொள்வோம். முதலாளி சொன்னது இது:

> சேட்டா, சனிக்கிழமை ராத்திரி லோடு ஏத்திருவோம். நேந்திரம் 120 தார் கிட்ட வரும், எடை சுமார் 1,400 கிலோ. மழை இல்லைன்னா ஞாயித்துக்கிழமை காலைல 7 மணிக்குள்ள உங்க கடைக்கு வந்துரும். வாடகை நாங்க குடுத்துர்றோம், இறக்குக்கூலி உங்களது. பழுத்தது, அடிபட்டது இருந்தா இறக்கும்போதே போட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துக் கழிச்சுக்கலாம். போன லோடு பாக்கி 38,500ல பாதியாவது வெள்ளிக்கிழமை வந்தாத்தான் இந்த லோடு ஏத்த முடியும்.

திருத்தி எழுதியது இது:

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். 120 தார் நேந்திரம் (1,400 கிலோ) சனிக்கிழமை இரவு அனுப்பப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குத் தங்கள் கடையை வந்தடையும். மழை காரணமாகச் சிறிது தாமதம் ஏற்படலாம். வாடகை, இறக்குக்கூலி ஆகியவற்றை நாம் பார்த்துக்கொள்ளலாம். சேதமடைந்த காய்களுக்கு உரிய தொகை கழித்துக்கொள்ளப்படும். படம் எடுத்து அனுப்பவும். முந்தைய பாக்கித் தொகையில் ஒரு பகுதியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

ஒரு தடவை வாசித்தால் குறையே தெரியாது. நாள், தார், கிலோ, வாடகை, பாக்கி என்று பேசிய விஷயம் எல்லாம் இருக்கிறது. சரிபார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான். விஷயம் இருக்கிறதா என்று பார்க்கிறார். அந்த விஷயத்தில் யார் எதற்குக் கட்டுப்பட்டார் என்று பார்ப்பதில்லை.

## முதலில் துண்டு போடுவது

அறிகுறிக்குப் போகும் முன் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. திருத்திய சேதியைக் கையில் எடுக்காதீர்கள். முதல் சேதியை மட்டும் வைத்து, ஒரு வரியில் ஒரு விஷயம் என்று தாளில் பிரித்து எழுதுங்கள். மேலே உள்ள சேதி எட்டு வரியாகும்: ஏற்றும் நேரம், தார், எடை, போய்ச் சேரும் நேரம், வாடகை, இறக்குக்கூலி, கழிவு, பாக்கி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் யார் செய்வது, எவ்வளவு, எப்போது, எதன் பேரில் என்ற நான்கையும் குறியுங்கள். 'எதன் பேரில்' என்பது நிபந்தனை. அதை எழுதத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பிறகு இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். தாளிலிருந்து திருத்திய சேதிக்குப் போனால் எது விடுபட்டது என்று தெரியும். திருத்திய சேதியிலிருந்து தாளுக்குத் திரும்பினால் எது புதிதாகச் சேர்ந்தது என்று தெரியும். ஒரு பக்கம் மட்டும் நடப்பவருக்கு 'உரிய தொகை', 'சிறிது தாமதம்' போன்ற ஒட்டுகள் கண்ணில் படாது. அவை மூலத்தில் இல்லவே இல்லை. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவது இந்த வேலைக்கு உதவாது. பேச்சுத்தமிழ் எழுத்துத்தமிழ் ஆகும்போது அநேகமாக எல்லாச் சொல்லுமே மாறியிருக்கும். உண்மையான மாற்றம் அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும்.

## அறிகுறி: சேதி ரொம்பப் பணிவாக இருக்கிறது, கண்டிப்பைக் காணோம்

கடைசி வாக்கியத்துக்கு முந்தையதைப் பாருங்கள். மூலத்தில் "பாதியாவது வெள்ளிக்கிழமை வந்தாத்தான் ஏத்த முடியும்". இதில் மூன்று பூட்டுகள் இருக்கின்றன. 'ஆவது' என்பது குறைந்த அளவைக் கட்டுகிறது. 38,500 ரூபாயில் பாதி 19,250, அதற்குக் கீழே வந்தால் பேச்சில்லை. 'வந்தால்' என்பது பணத்தையும் லோடையும் முடிச்சுப் போடுகிறது. 'தான்' அந்த முடிச்சை இறுக்குகிறது.

திருத்தியதில் மூன்றும் கழன்றுவிட்டன. 'பாதியாவது' என்பது 'ஒரு பகுதி' ஆனது; 2,000 ரூபாய் அனுப்பினாலும் அது ஒரு பகுதிதான். 'வந்தாத்தான்' என்பது 'அனுப்பி உதவுமாறு' ஆனது. உதவி என்று வந்துவிட்டால் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். லோடு என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை பணம் வராமல் சனிக்கிழமை லோடை நிறுத்தினால் கோட்டயத்துக்காரர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் படித்த சேதிப்படி லோடு எப்படியும் வர வேண்டும்.

சோதனை எளிது. முதல் சேதியில் 'ஆல்', 'தான்', 'ஆவது', 'மட்டும்', 'வரை', 'உள்ளே', 'இல்லைன்னா' வருகிற இடத்தையெல்லாம் வட்டமிடுங்கள். வட்டத்துக்கு வட்டம் திருத்திய சேதியில் ஜோடி தேடுங்கள். ஜோடி இல்லாத வட்டம் ஒன்று இருந்தால் அங்கே ஒரு வாக்கு தளர்ந்திருக்கிறது, அல்லது புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது.

மழை விஷயம் இரண்டாவது வகை. 'மழை இல்லைன்னா' என்று ஆரம்பித்த வாக்கியம் இரண்டாக வெட்டுப்பட்டிருக்கிறது. முதல் துண்டு '7 மணிக்கு வந்தடையும்' என்று நிபந்தனை இல்லாமல் நிற்கிறது. மழை அடுத்த துண்டில் ஒரு மன்னிப்புபோல வருகிறது, அதுவும் 'சிறிது' என்ற அளவோடு. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் தாமதம் சிறிதாகவா இருக்கும்? முதலாளி நேரத்துக்கு வரும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. மழை பெய்யாவிட்டால் வரும் என்றுதான் சொன்னார். நீளமான வாக்கியத்தை வெட்டி எழுதுவது நல்ல பழக்கம். நிபந்தனை வாக்கியத்தை மட்டும் வெட்டக் கூடாது.

## அறிகுறி: செலவு யார் தலையில் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை

இதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்கும். ஒன்று, செய்பவரை விழுங்குகிற 'படும்'. "கழித்துக்கொள்ளப்படும்" என்றால் யார் கழிப்பது? மண்டியா, வாங்குபவரே தன் கணக்கில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவதா? மூலத்தில் 'பார்த்துக் கழிச்சுக்கலாம்' என்று இருந்தது. முதலில் பார்ப்பது, அதற்கப்புறம் பேசிக் கழிப்பது. திருத்தியதில் 'பார்த்து' போய்விட்டது, 'உரிய தொகை' வந்துவிட்டது. கழிவு உண்டு என்பது முடிந்த முடிவாகிவிட்டது.

'படும்' என்று முடிகிற ஒவ்வொரு வினையையும் எடுத்து, முன்னால் 'நாங்கள்' அல்லது 'நீங்கள்' போட்டு 'ஓம்', 'ஈர்கள்' என்று முடித்துப் பாருங்கள். எதைப் போடுவது என்று தயங்கினால் அந்த வரி அனுப்பத் தகுந்ததல்ல.

இரண்டாவது காரணம் 'நாம்'. தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு. கேட்பவரை வெளியே விட்டால் நாங்கள். உள்ளே சேர்த்தால் நாம். பேச்சில் யாருக்கும் தவறாது. எழுதும்போது 'நாம்' கொஞ்சம் நயமாகத் தெரிவதால் கை அதைத்தான் போடுகிறது. "வாடகை நாங்க குடுத்துர்றோம், இறக்குக்கூலி உங்களது" என்று தெளிவாகப் பிரித்த இரண்டு செலவும், "நாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிட்டன. வாங்குபவர் இதை இரண்டும் பாதிப் பாதி என்றும் படிக்கலாம், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் படிக்கலாம். மலையாளத்திலும் இதே வேறுபாடு உண்டு; ஞங்ஙள் என்றால் கேட்பவர் சேரமாட்டார், நம்மள் என்றால் சேர்வார். ஆகவே மொழிபெயர்த்தாலும் தவறு அப்படியே அக்கரைக்குப் போகும்.

இறக்குக்கூலியை இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. அங்கே சந்தையில் இறக்குவது சுமட்டுத் தொழிலாளர்கள். கூலி அந்த இடத்திலேயே கைக்குக் கை கொடுக்க வேண்டியது. யார் கொடுப்பது என்று முடிவாகாமல் லாரி நின்றால் டிரைவர்தான் நடுவில் மாட்டுவார், காயும் வெயிலில் நிற்கும்.

## அறிகுறி: எண் எல்லாம் ஒத்துப்போகிறது, ஆனாலும் எடையில் தகராறு

120, 120. 1,400, 1,400. எண்ணை மட்டும் டிக் அடித்துப் போகிறவர் இதில் பிழை இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் மாறியது எண் அல்ல, எண்ணோடு ஒட்டிய வால். '120 தார் கிட்ட' என்பதும் 'சுமார் 1,400' என்பதும் மதிப்பீடு. 'கிட்ட', 'சுமார்' போனதும் அது அளந்து சொன்ன கணக்காகிவிடுகிறது. அடைப்புக்குறி அதற்கு இன்னும் முத்திரை குத்துகிறது. அடைப்புக்குள் போட்ட எடை பில்லில் உள்ள எடைபோலத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே எடை போட்டு 1,352 கிலோ வந்தது என்று வையுங்கள். கிலோ 42 ரூபாய் என்றால் 48 கிலோவுக்கு 2,016 ரூபாய். முதல் சேதிப்படி இதில் வழக்கில்லை. சுமார் என்றுதான் சொன்னோம், எடைச் சீட்டுப்படி கணக்குப் பார்ப்போம். திருத்திய சேதிப்படி 48 கிலோ குறைவு. வெட்டிய தாரில் ராத்திரிப் பயணத்தில் ஈரம் வற்றிக் கொஞ்சம் எடை இறங்குவது உண்டு என்பதால், இந்தச் சண்டை வராத லோடு குறைவுதான்.

'மணிக்குள்' என்பது 'மணிக்கு' ஆனதும் இதே கதை. 'க்குள்' இருந்தால் 5 மணிக்கே வண்டி வந்து நிற்கலாம். 'மணிக்கு' என்று படித்தவர் 7 மணிக்குத்தான் ஆள் வைப்பார். வெள்ளிக்கிழமை விஷயத்தில் நேர்மாறு: மூலத்தில் 'உள்' இல்லை, திருத்தியதில் சேர்ந்திருக்கிறது. இதனால் பெரிய நஷ்டம் வராது, முந்தி வந்தாலும் பணம் பணம்தான். எல்லா மாற்றமும் தவறல்ல என்பதற்கு இதைச் சொல்கிறோம். மாற்றத்தைப் பார்த்தவுடன் திருத்தாமல், அதனால் யாருக்கு என்ன கூடுகிறது, குறைகிறது என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். 'சேட்டா' போய் 'ஐயா' வந்ததும் அப்படித்தான். யாருக்கும் நஷ்டமில்லை. நமக்கு என்னவோ சேட்டாவே நன்றாக இருந்தது.

பொருளின் பெயர் மாறுவதையும் இதே கண்ணோடு பாருங்கள். "பழுத்தது, அடிபட்டது" இரண்டும் சேர்ந்து 'சேதமடைந்த காய்' ஆகிவிட்டது. உப்பேரி என்கிற நேந்திரம் சிப்ஸ் போடுகிறவருக்குப் பச்சைக் காய் வேண்டும். பழுத்தது அவருக்கு ஆகாது, ஆனால் அது சேதமல்ல. நாளைக்கு நாலு தார் பழுத்து வந்தால் 'சேதம் இல்லையே' என்று மண்டி சொல்லலாம். இந்த ஒரு இடத்தில் திருத்தம் மண்டிக்குச் சாதகமாக விழுந்திருக்கிறது. அதற்காக விட்டுவைக்கக் கூடாது. சொன்ன வாக்கு சொன்னபடி போக வேண்டும்.

## அறிகுறி: நாம் 'பார்க்கலாம்' என்றோம், அவர் 'ஒத்துக்கொண்டீர்கள்' என்கிறார்

எல்லைப் பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. தமிழில் 'தரலாம்', 'அனுப்பலாம்' என்றால் முடியும், தடையில்லை, செய்வோமா என்கிற அளவுதான். மலையாளத்தில் 'தராம்', 'அயக்காம்' என்று தன்னைப் பற்றி ஒருவர் சொன்னால் அது வாக்கு. 'நாளெ தராம்' என்றால் நாளைக்குத் தருகிறேன் என்று கை நீட்டியதாகத்தான் அர்த்தம். ஓசை கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், தமிழ்ச் சேதியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்கிற மலையாளி 'லாம்' வருகிற இடத்திலெல்லாம் வாக்கைக் கேட்கிறார். "பார்த்துக் கழிச்சுக்கலாம்" என்பது மூலத்திலேயே இந்த ஆபத்தோடு இருக்கிறது.

அக்கரைக்குப் போகிற சேதியில் 'லாம்' என்று முடிகிற வினை எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டில் ஒன்றாக மாற்ற வேண்டும். வாக்கு என்றால் 'கழிக்கிறோம்' என்று நேராக எழுதுங்கள். வாக்கு இல்லை என்றால் 'போட்டோ பார்த்த பிறகு எவ்வளவு கழிப்பது என்று சொல்கிறோம்' என்று நீட்டி எழுதுங்கள். மலையாளத்திலேயே எழுதி அனுப்புவதாக இருந்தால் 'தான்' தொலைந்துவிடாமல் பாருங்கள். "வந்தாத்தான் ஏத்துவோம்" என்பதற்கு 'வந்நால் கயற்றாம்' போதாது. அது வந்தால் ஏற்றுகிறேன் என்று நம் பக்கத்து வாக்கை மட்டும் சொல்கிறது. 'வந்நால் மாத்ரமே கயற்றூ' என்று வர வேண்டும்.

## அறிகுறி: ஒரு நாள் முன்னே பின்னே போகிறது

'ஏத்திருவோம்' என்பது 'அனுப்பப்பட்டு' ஆகியிருப்பதைக் கவனியுங்கள். ஏற்றுவது வேறு, வண்டி கிளம்புவது வேறு. பத்து மணிக்கு ஏற்ற ஆரம்பித்து, தார்ப்பாய் கட்டி, வண்டி ஒரு மணிக்குக் கிளம்பினால் காலண்டரில் அது ஞாயிற்றுக்கிழமை. நம் வழக்கில் விடிகிற வரைக்கும் சனிக்கிழமை ராத்திரிதான். ரசீதில் ஞாயிறு தேதி விழும். 'சனிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னீர்களே' என்று யாராவது ரசீதை வைத்துக் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ராத்திரி 12 மணி தாண்டுகிற எந்த வேலைக்கும் கிழமையோடு தேதியும் போடுங்கள். 'நாளைக்கு', 'நாளை மறுநாள்' இரண்டையும் திருத்தும்போதே தேதியாக்கிவிடுங்கள். வியாழக்கிழமை ராத்திரி சொன்னதை வெள்ளிக்கிழமை காலையில் திருத்தி அனுப்பினால் ஒரு எழுத்துகூட மாறாமலே வாக்கு ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தாலும் இது பிடிபடாது, சொற்கள் ஒன்றேதான்.

## சரிசெய்த பிறகு

மரியாதையும் இருக்க வேண்டும், வாக்கும் மாறக் கூடாது என்றால் சேதி இப்படி நிற்கும்:

> ஐயா, வணக்கம். சனிக்கிழமை இரவு நேந்திரம் லோடு ஏற்றுகிறோம். சுமார் 120 தார், சுமார் 1,400 கிலோ இருக்கும். மழை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குள் தங்கள் கடைக்கு வந்துவிடும். லாரி வாடகையை நாங்கள் கொடுக்கிறோம்; இறக்குக்கூலி தங்களுடையது. பழுத்த காயோ அடிபட்ட காயோ இருந்தால் இறக்கும்போதே படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு எவ்வளவு கழிப்பது என்று பேசி முடிப்போம். போன லோடு பாக்கி 38,500 ரூபாயில் பாதியாவது (19,250) வெள்ளிக்கிழமை வந்தால்தான் இந்த லோடை ஏற்ற முடியும்.

கிழமைகளுக்குப் பக்கத்தில் அந்த வாரத்துத் தேதியைப் போட்டுக்கொள்ளுங்கள். 'இறக்கும்போதே' திரும்ப வந்திருப்பதையும் பாருங்கள். அது இல்லாவிட்டால் கடையில் மூன்று நாள் கிடந்து பழுத்த காய்க்கும் படம் வரும். 19,250 என்பது நாம் சேர்த்தது. மூலத்தில் இல்லை, ஆனால் மூலத்தில் உள்ளதைக் கணக்குப் போட்டால் வருவது. அப்படிச் சேர்க்கலாம், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

அவரிடம் கேட்காமல் தொடக்கூடாத இடம் ஒன்றும் இருக்கிறது. மூலமே தெளிவில்லாமல் இருந்தால் திருத்துபவர் தனக்குப் பட்ட அர்த்தத்தை எழுதிவிடக் கூடாது. இந்தச் சேதியில் எடை எந்தத் தராசில் என்று முதலாளி சொல்லவே இல்லை. 'எங்கள் தராசு எடை' என்று சேர்த்தால் மண்டிக்கு நல்லதுதான், ஆனால் அது அவர் பேசாத பேச்சு. வெற்றிடம் என்று தாளில் குறித்து, "அண்ணே, எடை இங்க போட்டதா, அங்க போட்டதா?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

சேதி ஏற்கெனவே போய்விட்டதா? வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும். ஆனால் அவர் படித்துவிட்டார் என்றால் பழைய சேதியைத் தொடாதீர்கள். சத்தமில்லாமல் மாற்றியதுபோல ஆகும். தனியாக இன்னொன்று அனுப்பி, எந்த வரி மாறுகிறது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்: 'இறக்குக்கூலி தங்களுடையது, பாக்கியில் 19,250ஆவது வெள்ளிக்கிழமை வந்தால்தான் லோடு, முந்தின சேதியில் இந்த இரண்டும் தவறாக வந்துவிட்டது'. அதற்கு அவரிடமிருந்து 'சரி' என்று ஒரு பதில் வாங்கிக்கொண்டு லோடு ஏற்றுங்கள். லாரி குமுளி தாண்டிவிட்டால் சரக்கு அவர் பக்கம், நம் கையில் இருப்பது அந்தப் பழைய சேதி மட்டும்தான்.